எவ்வளவு கனம்? எங்கே இடிக்கிறது?

ஸ்பெயின் நாட்டுக் கடற்படைக்காகக் கார்ட்டஹேனா நகரில் கட்டப்பட்டு வந்த எஸ்-80 வகை நீர்மூழ்கிக் கப்பல் 2013-இல் உலகச் செய்தியானது. போர்த் திறனைப் பற்றிய செய்தி அன்று அது. கப்பல் போட்ட கணக்கைவிட 75 முதல் 100 டன் வரை கூடுதல் கனம் என்பதைக் கட்டிக்கொண்டிருக்கும்போதுதான் கண்டுபிடித்தார்கள். கணக்கில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறிவிட்டது என்று முன்னாள் அதிகாரி ஒருவர் அப்போது பத்திரிகைகளிடம் சொன்னார்.

2,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலில் 100 டன் பெரிதாகத் தோன்றாமல் போகலாம். லாரிக்கோ பாலத்துக்கோ அந்த அளவு பொறுக்கும். நீர்மூழ்கிக்குப் பொறுக்காது. அது விலக்கும் கடல்நீரின் எடையும் அதன் சொந்த எடையும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். எடை கூடினால் மூழ்குவது எளிது, மேலே வருவது கஷ்டம். கடைசியில் கப்பலின் நீளத்தைச் சுமார் 10 மீட்டர் கூட்டி, அதிக நீரை விலக்க வைத்துத்தான் கணக்கைச் சரிசெய்தார்கள். முதல் கப்பல் 2021-இல் நீரில் இறங்கி, 2023-இல்தான் கடற்படையின் கைக்கு வந்தது.

இன்று எந்தப் பொருளையும் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாக வரைந்த பிறகே பட்டறைக்கு அனுப்புகிறார்கள். டிசைன் முடிந்தது, இனி இந்த அளவுப்படி பொருள் வாங்கலாம், வெட்டலாம், வார்க்கலாம் என்று மாடலையும் அதிலிருந்து எடுத்த டிராயிங்கையும் கையொப்பமிட்டு வெளியே விடுவதற்கு ரிலீஸ் என்று பெயர். அந்தக் கையொப்பத்துக்கு முன்னால் இரண்டு சோதனைகளைச் செய்வது வழக்கம். ஒன்று, பொருளின் எடை எவ்வளவு, ஈர்ப்பு மையம் எங்கே என்று பார்ப்பது. மற்றொன்று, பாகங்களில் ஏதாவது ஒன்று மற்றொன்றுக்குள் புகுந்து கிடக்கிறதா என்று பார்ப்பது. இரண்டுக்கும் மென்பொருளில் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கின்றன. அழுத்தினால் சில நொடிகளில் விடை வரும். விடை வருவதையே சோதனை முடிந்ததாக எடுத்துக்கொள்வதுதான் டிசைன் அறைகளில் நான் அதிகம் பார்த்த தவறு.

நீர்மூழ்கியை விட்டுவிட்டு நமக்குப் பழக்கமான ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். கோவையில் பம்ப் செய்யும் எந்த டிசைன் அறையிலும் பார்க்கக்கூடிய ஒரு பம்ப் செட். 15 கிலோவாட் மோட்டார் ஒரு பக்கம், வார்ப்பிரும்பு பம்ப் மறுபக்கம், நடுவில் இரண்டையும் இணைக்கும் கப்ளிங், சுழலும் கப்ளிங்கில் கை படாமலிருக்க அதன்மேல் ஒரு தகட்டு மூடி. இவை எல்லாவற்றையும் தாங்க 1,200 மி.மீ. நீளம், 450 மி.மீ. அகலம், 16 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகடு. அதை பேஸ் பிளேட் என்பார்கள். கீழே வரும் அளவுகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இப்படிப்பட்ட செட்டுகளில் வரும் அளவுகளிலிருந்து அவை வெகுதூரம் விலகியவை அல்ல.

முதலில் எடை. சாலிட்வொர்க்ஸ் மென்பொருளில் Mass Properties என்ற கட்டளையைத் தட்டினால் மொத்த எடை, கன அளவு, மேற்பரப்பு, ஈர்ப்பு மையத்தின் இடம் எல்லாம் ஒரே பெட்டியில் வரிசையாக வரும். எங்கிருந்து வருகின்றன? வரைந்த உருவத்தின் கன அளவை மென்பொருள் மிகத் துல்லியமாகக் கணக்கிடும். அதை அடர்த்தியால் பெருக்கும். கன அளவு உருவத்திலிருந்து தானாகக் கிடைக்கிறது. அடர்த்தியை மனிதர்தான் சொல்ல வேண்டும். இந்தப் பாகம் வார்ப்பிரும்பு என்று குறித்தால் ஒரு கன மீட்டருக்கு 7,200 கிலோ என்றும், சாதாரண இரும்பு என்றால் சுமார் 7,850 கிலோ என்றும் எடுத்துக்கொள்ளும். ஒன்றுமே சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்ளாது. 1,000 கிலோ என்று தானே வைத்துக்கொண்டு, அதாவது அந்தப் பாகம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்பதுபோல், கணக்கை முடித்துவிடும். பெட்டியில் வரும் எண்ணோ தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு, மூன்று இலக்கங்களோடு மிக நம்பிக்கையாக நிற்கும்.

நம் பம்ப் செட்டில் இந்தப் பள்ளம் மோட்டாரில் இருக்கிறது. பம்பை நாம் வரைகிறோம். மோட்டாரை வெளியிலிருந்து வாங்குகிறோம். அதைச் செய்பவர் தன் மோட்டாரின் உள்ளமைப்பைக் காட்டமாட்டார். வெளி உருவம் மட்டும் உள்ள ஒரு கோப்பை அனுப்புவார். செப்புச் சுருள், காற்றிடைவெளி, தாங்கிகள் எதுவும் அதில் இருக்காது. உள்ளே ஒரே கட்டியாக நிரம்பிய ஓர் உருளை. விட்டம் 320 மி.மீ., நீளம் 500 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் கன அளவு 0.0402 கன மீட்டர். பொருள் குறிக்காமல் அப்படியே அசெம்பிளியில் வைத்தால் அதன் எடை 40 கிலோ. அட, பொருள் குறிக்கவில்லையே என்று நினைவு வந்து இரும்பு என்று குறித்தால் 316 கிலோ. அந்த மோட்டாரின் கேட்டலாக்கில் எழுதியிருப்பது 130 கிலோ.

மறதியால் வந்த 40 கிலோ தவறு என்பது எல்லோருக்கும் புரியும். அக்கறையோடு குறித்ததால் வந்த 316 கிலோவும் அதே அளவு தவறு என்பதுதான் கவனிக்க வேண்டியது. வெளி உருவம் மட்டும் உள்ள பாகத்துக்கு எந்தப் பொருளைக் குறித்தாலும் சரியான எடை வராது. அதற்கென்றே Override Mass Properties என்று ஒரு வசதி இருக்கிறது. கணக்கிட்ட எடையை ஒதுக்கிவிட்டு 130 கிலோ என்று நாமே எழுதலாம். ஈர்ப்பு மையத்தின் இடத்தையும் அங்கேயே தரலாம். மோட்டாரின் எடையில் பெரும்பங்கு அதன் நடுவில் உள்ள இரும்புத் தகட்டடுக்கிலும் செப்பிலும் இருப்பதால், வெளி உருவத்தின் மையமும் எடையின் மையமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. மோட்டார்க்காரரிடம் கேட்டு வாங்கி எழுதுவது நல்லது.

இதனால் என்ன ஆகிவிடும், பம்ப் ஓடத்தானே போகிறது என்று கேட்கலாம். ஓடும். அதற்கு முன்னால் அதைத் தூக்க வேண்டும். பம்ப் 96 கிலோ, பேஸ் பிளேட் 68 கிலோ, கப்ளிங், மூடி, பட்டைகள், போல்ட் எல்லாம் சேர்த்து 18 கிலோ, மோட்டார் 130 கிலோ. மொத்தம் 312 கிலோ. மோட்டாரை 40 கிலோ என்று நம்பியவருக்கு மொத்தம் 222 கிலோ என்று வரும். அவர் நிம்மதியாகக் கால் டன் செயின் புளாக் போதும் என்று எழுதிக் கொடுப்பார். 250 கிலோவுக்கான கொக்கியில் 312 கிலோ தொங்கும்.

ஈர்ப்பு மையம் இன்னும் சுவாரசியமானது. பேஸ் பிளேட்டின் பம்ப் பக்க விளிம்பிலிருந்து அளந்தால் பம்பின் மையம் 250 மி.மீ.-இல், மோட்டாரின் மையம் 850 மி.மீ.-இல், மற்றவை நடுவில் 600 மி.மீ.-இல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் எடையையும் அதன் தூரத்தால் பெருக்கி, கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் செட்டின் ஈர்ப்பு மையம் கிடைக்கும். சரியான எடையோடு அது 596 மி.மீ. மோட்டார் 40 கிலோ என்றால் 494 மி.மீ. 316 கிலோ என்றால் 691 மி.மீ. தூக்குவதற்கான வளையங்களை 494-க்கு இருபுறமும் சமதூரத்தில் வைத்து வெல்டு செய்துவிட்டால், உண்மையான மையம் கொக்கிக்கு நேர் கீழே இல்லாமல் மோட்டார் பக்கம் 102 மி.மீ. தள்ளியிருக்கும். கொக்கி ஈர்ப்பு மையத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால் செட் ஏறக்குறைய 6 டிகிரி சாய்ந்துதான் தூக்கப்படும். மோட்டார் முனை தாழ்ந்து, பம்ப் முனை தூக்கி. அடித்தள போல்ட்டுகளின் மேல் நேராக இறக்க வேண்டிய இடத்தில் அந்தச் சாய்வு படுத்தும் பாட்டைப் பொருத்துகிறவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இந்தத் தவறை எப்படிப் பிடிப்பது? பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒரு தாளில் விடையை எழுதி வைத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. பேஸ் பிளேட் 1.2 மீட்டர், 0.45 மீட்டர், 0.016 மீட்டர், பெருக்கினால் 0.00864 கன மீட்டர். இரும்பின் அடர்த்தியால் பெருக்கினால் 67.8 கிலோ. இதற்குக் கால்குலேட்டர் போதும். மோட்டாருக்குக் கேட்டலாக் இருக்கிறது. இதே அளவில் முன்பு செய்த பம்பின் எடை கிடங்கில் பதிவாகியிருக்கும். இவற்றைக் கூட்டி, சுமார் 310 கிலோ வர வேண்டும் என்று எழுதிவிட்டுப் பிறகு திரையைப் பார்க்க வேண்டும். அங்கே 222 என்றிருந்தால் உடனே உறுத்தும். எழுதிவைக்காமல் முதலில் திரையைப் பார்த்தவருக்கு 222 என்பது நியாயமான எண்ணாகவே தோன்றும், ஏனென்றால் ஒப்பிட அவரிடம் வேறு எண் இல்லை.

மொத்த எடை ஒத்துப்போனாலும் போதாது, பாகவாரியாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் கூடியதை மற்றொன்றில் குறைந்தது ஈடுகட்டிவிடக் கூடும். வசதிக்காகத் திரையில் மறைத்து வைத்த பாகங்கள் இன்னொரு பொறி. மறைத்த பாகங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று மென்பொருள் ஒரு சின்னக் கட்டத்தில் கேட்கும். அதில் டிக் செய்யாவிட்டால் மறைத்த மூடியோ மோட்டாரோ எடையிலும் மறைந்துவிடும்.

சுழலும் பாகங்களில் ஈர்ப்பு மையத்துக்கு வேறொரு பயனும் உண்டு. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைத் தனியாகத் திறந்து அதன் ஈர்ப்பு மையத்தைக் கேட்டால் அது சுழலும் அச்சின்மேல் கிட்டத்தட்ட அப்படியே விழ வேண்டும். சாவிக்கான பள்ளத்தால் சில மைக்ரான் விலகலாம். அதற்கு மேல் விலகினால் ஆறு இதழ்களில் ஒன்று மட்டும் வேறு கனத்தில் வரையப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு துளை ஒரு பக்கம் மட்டும் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாத தவறு ஓர் எண்ணில் மாட்டிக்கொள்ளும். அதற்காக, அந்த இம்பெல்லரை பேலன்ஸிங் எந்திரத்தில் ஏற்ற வேண்டாம் என்று முடிவுகட்டக் கூடாது. வார்க்கும்போது உள்கரு ஒரு மி.மீ. நகர்ந்தால் அது மாடலுக்குத் தெரியாது. 1,450 சுற்றுகளில் ஓடும் பம்புக்கு வழக்கமாகப் பின்பற்றும் ஜி 6.3 என்ற தரத்தில் மையம் விலகலாம் என்று அனுமதிப்பதே சுமார் 41 மைக்ரான்தான், ஒரு மி.மீ.-இல் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

இனி இரண்டாவது சோதனை. இரண்டு திடப்பொருள்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்பது பட்டறையில் இயற்கை விதி. திரையில் அப்படி எந்த விதியும் கிடையாது. ஒரு போல்ட்டைத் தகட்டின் நடுவில் துளையே இல்லாமல் நிறுத்தலாம், மென்பொருள் தடுக்காது. Interference Detection என்ற கட்டளை, ஒவ்வொரு பாகத்தையும் மற்றப் பாகங்களோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் பொதுவான கன அளவு பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அதைச் சிவப்பில் காட்டி, எத்தனை கன மி.மீ. என்று பட்டியலிடும். பட்டறைப் பேச்சில் இதற்கு ‘இடிக்கிறது’ என்பதுதான் சொல்.

நம் பம்ப் செட்டில் இந்தக் கட்டளையை ஓட்டினால் 17 இடங்களில் இடிக்கிறது என்று வருவதாக வைத்துக்கொள்வோம். புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் இதைப் பார்த்துப் பதறுவார். சில வருடம் பழகியவர், இது எப்போதும் வருவதுதான் என்று மூடிவிடுவார். எனக்கு இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை.

பட்டியலை உற்றுப் பார்த்தால் எட்டு இடங்களில் கன அளவு ஒரே மாதிரி 565 கன மி.மீ. இருக்கிறது. நான்கு இடங்களில் 502. இப்படி ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் மரை. எம்12 போல்ட்டுக்கு மரை போட முதலில் 10.2 மி.மீ. துளை போடுவார்கள். மாடலில் துளையை 10.2 என்றும் போல்ட்டை 12 என்றும் வரைவது வழக்கம். மரையின் பற்களை யாரும் வரைவதில்லை, கோப்பு கனத்துவிடும். ஆகவே 12-க்கும் 10.2-க்கும் இடையில் உள்ள வளையம் முழுவதும் இடிப்பதாகக் கணக்காகும். அந்த வளையத்தின் பரப்பு 31.4 சதுர மி.மீ. போல்ட் 18 மி.மீ. ஆழம் இறங்கினால் 565. பேஸ் பிளேட்டின் 16 மி.மீ. கனத்துக்குள் இறங்கினால் 502. எண்ணே ஆளை அடையாளம் காட்டிவிடுகிறது. எட்டில் ஒன்று மட்டும் 251 என்று வந்திருந்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்த போல்ட் 8 மி.மீ. மட்டுமே உள்ளே போயிருக்கிறது. குட்டையான போல்ட்டை யாரோ போட்டுவிட்டார்கள். பொய்யான இடிப்பு என்று ஒதுக்கும் பட்டியலிலேயே இப்படி ஒரு நிஜத் தகவல் ஒளிந்திருக்கலாம்.

இன்னும் இரண்டு இடங்கள் ரப்பர் வளையங்கள். 5 மி.மீ. தடிமனுள்ள ஓ-ரிங்கை 4 மி.மீ. ஆழப் பள்ளத்தில் வைக்கிறோம். அது நசுங்கினால்தான் தண்ணீர் கசியாது. மாடலில் நசுங்காமல் உருண்டையாகவே வரைந்திருப்பதால் இடிக்கிறது. இது வேண்டியே வைத்த இடிப்பு. மற்றொன்று, தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலின் ரப்பர் பகுதி. அதுவும் அதே வகை. ஆக 15 போயிற்று. மிச்சம் இரண்டு.

அதில் ஒன்று 2,140 கன மி.மீ. பம்பின் வயிற்றுக்குக் கீழே தண்ணீரை வடிக்க இருக்கும் திருகாணியின் தலை பேஸ் பிளேட்டுக்குள் புகுந்திருக்கிறது. மற்றொன்று வெறும் 38 கன மி.மீ. கப்ளிங் மூடியின் 2 மி.மீ. தகடு, மோட்டார் முகப்பின் ஒரு விளிம்பில் 19 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. ஏறி நிற்கிறது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண் வரை வரிசைப்படுத்தி மேலே உள்ளவற்றை மட்டும் பார்க்கும் பழக்கம் உள்ளவர் இந்த 38-ஐப் பார்க்கவே மாட்டார். மரைகளின் 565-க்கும் கீழே அது கிடக்கும். கன அளவு சின்னதாக இருப்பதற்கும் பிரச்சினை சின்னதாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை. தகட்டின் ஓரம் உரசி நின்றால், மோட்டார் ஓடும் நேரமெல்லாம் அது அதிர்ந்து சத்தம் போடும். வாடிக்கையாளர் தாங்கி போய்விட்டது என்று புகார் எழுதுவார்.

திருகாணி விஷயத்தில் தீர்வு எப்படி என்பதும் கவனிக்கத்தக்கது. பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்க, தலைக்குக் கீழே ஒரு சின்னக் குழி வெட்டினால் போதும். அடுத்த முறை ஓட்டும்போது இடிப்பு பூஜ்யம். ஆனால் திருகாணியைக் கழற்ற ஸ்பேனர் நுழைய வேண்டும். வடியும் தண்ணீர் வெளியே போக வேண்டும். ஸ்பேனரை யாரும் மாடலில் வரைவதில்லை என்பதால் அது எங்கும் இடிப்பதில்லை. பேஸ் பிளேட்டின் ஓரம் வரை ஒரு திறந்த வெட்டு கொடுத்தால்தான் வேலை நடக்கும். இடிக்கவில்லை என்பது ஒன்று, கழற்றிப் பூட்ட முடியும் என்பது வேறொன்று.

தொடாமல் இருந்தாலும் எவ்வளவு நெருக்கம் என்று பார்ப்பது இன்னொரு படி. வார்ப்பிரும்புப் பாகத்தின் கடையாத மேற்பரப்பு வரைந்த அளவிலிருந்து ஒன்று, இரண்டு மி.மீ. மாறுவது சகஜம். மாடலில் 0.8 மி.மீ. இடைவெளி இருந்தால் இடிப்புப் பட்டியலில் அது வராது, நிஜத்தில் இடித்துவிடும். Clearance Verification என்ற கட்டளையில் 5 மி.மீ.-க்குக் குறைவான இடைவெளி எல்லாவற்றையும் காட்டு என்று கேட்டு, வார்ப்பு மேற்பரப்பு சம்பந்தப்பட்டவற்றை மட்டுமாவது ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது.

மேலே சொன்ன எல்லாம் நிற்கும் பம்புக்கு. பம்ப் சுழலும், பிரித்தெடுக்கவும்படும். கப்ளிங்கின் விளிம்பில் ஆறு போல்ட்டுகள், 60 டிகிரிக்கு ஒன்று. மாடலில் கப்ளிங் ஏதோ ஒரு கோணத்தில் நிற்கிறது. அந்தக் கோணத்தில் மூடியின் உட்புறம் நீட்டியிருக்கும் ஒரு நட்டு, இரண்டு போல்ட் தலைகளுக்கு நடுவிலுள்ள சந்தில் வசதியாக உட்கார்ந்திருக்கலாம். பட்டியல் சுத்தமாக இருக்கும். கப்ளிங்கை 30 டிகிரி திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினால் ஆறாவது விநாடியில் பிடிபடும். எல்லாக் கோணங்களிலும் ஓட்டுவதைவிட, சுழலும் பாகத்தின் அதிகபட்ச விட்டத்துக்கு ஓர் உருளையை வரைந்து அதை மூடியோடு ஒப்பிடுவது சுலபம். அந்த உருளைக்குள் நிற்கும் எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

பிரித்தெடுப்பதில்தான் நம் பம்பின் உண்மையான பொறி இருக்கிறது. இந்த வகைப் பம்புகளை, குழாய் இணைப்பையும் மோட்டாரையும் அசைக்காமல், உள் பாகங்களை மட்டும் பின்பக்கமாக இழுத்து எடுக்கும்படி அமைக்கிறார்கள். இதற்காகவே கப்ளிங்கின் நடுவில் 100 மி.மீ. நீளமுள்ள ஒரு துண்டு கழற்றும்படி இருக்கும். அதை எடுத்துவிட்டால் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் 100 மி.மீ. வெற்றிடம். இம்பெல்லர், தண்டு, தாங்கிகள் எல்லாம் பூட்டிய பிராக்கெட் 95 மி.மீ. பின்னால் வந்தால் கேசிங்கிலிருந்து விடுபட்டுவிடும். கணக்கு சரி, 5 மி.மீ. மிச்சம்கூட இருக்கிறது.

மாடலில் அந்தத் துண்டை நீக்கிவிட்டு பிராக்கெட்டை 95 மி.மீ. நகர்த்தி இடிப்புக் கட்டளையை ஓட்டிப் பார்த்தால் வேறு விடை வருகிறது. பம்பின் அச்சு பேஸ் பிளேட்டிலிருந்து 180 மி.மீ. உயரம். மோட்டாரின் அச்சு உயரம் 160. இரண்டையும் சமப்படுத்த மோட்டாருக்குக் கீழே 20 மி.மீ. கனமுள்ள பட்டை வைத்திருக்கிறார்கள். வெட்டுவதற்குச் சுலபம் என்று அதை முன் கால்கள் இரண்டுக்கும் சேர்த்துக் குறுக்காக ஒரே பட்டையாகப் போட்டுவிட்டார்கள். பிராக்கெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்ட தாங்குகால் 70 மி.மீ. நகர்ந்ததும் அந்தப் பட்டையில் முட்டி நிற்கிறது. இன்னும் 25 மி.மீ. வர வேண்டும், வராது. இந்தப் பம்பைப் பழுதுபார்க்க ஒவ்வொரு முறையும் மோட்டாரைக் கழற்ற வேண்டும். மோட்டாரைக் கழற்றினால் மறுபடி அச்சுகளை நேர்கோட்டுக்குக் கொண்டுவர அரை நாள் போகும். இழுத்து எடுக்கும் அமைப்புக்காகக் கொடுத்த பணம் அத்தனையும் வீண். முதலில் வந்த 17 இடங்களின் பட்டியலில் இது இல்லவே இல்லை, ஏனென்றால் பூட்டிய நிலையில் இரண்டும் 70 மி.மீ. தள்ளி நிற்கின்றன. தீர்வு எளிது: ஒரே பட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு காலுக்கும் தனித்தனித் துண்டு. இடிப்பும் போகும், எடையும் கொஞ்சம் குறையும். ஆனால் ரிலீஸுக்கு முன்னால் கண்டுபிடித்தால் மட்டுமே எளிது.

இவ்வளவும் ஒரே அறையில், ஒரே மாடலில் வேலை செய்யும்போது. பலர் பல ஊர்களில் வரைந்தால் இடிப்புச் சோதனைக்கே அடிப்படை ஆட்டம் காணும். ஏர்பஸ் நிறுவனத்தின் இரண்டடுக்கு விமானமான ஏ380-க்கு நடந்தது அதுதான். ஒரு விமானத்தில் சுமார் 530 கி.மீ. நீளத்துக்கு மின்கம்பிகள். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பில் வரைந்தார்கள். பிரான்ஸின் துலூஸில் ஐந்தாம் பதிப்பில். இரண்டு மாடல்களும் ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்தவில்லை. ஒருவர் செய்த மாற்றம் மற்றவரின் மாடலில் சரியாகத் தெரியவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து வந்த உடற்பகுதிகளில் கம்பிகளைத் துலூஸில் இழுத்துப் பொருத்தியபோது அவை எட்டவில்லை. 2006-இல் தாமதத்தை ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தார்கள். மொத்தம் இரண்டு வருடம் தள்ளிப்போய், முதல் விமானம் 2007 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குப் போனது. சோதனை என்ற ஒன்றே நடக்காமல் இப்படி ஆனதாக நினைக்க வேண்டாம். வளையும் தன்மையுள்ள கம்பிகளை மாடலில் பிடிப்பதே கடினம். அதற்கு மேல், சோதிக்கப்பட்ட மாடலும் கட்டப்பட்ட விமானமும் ஒரே பொருளாக இல்லை.

சின்னப் பட்டறையிலும் இதன் சின்ன வடிவம் உண்டு. மாலை சோதனை முடிகிறது. மறுநாள் காலை யாரோ ஒரு வாஷரைச் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே இருக்கும் வாஷரின் மேலேயே அப்படியே இன்னொன்று விழுந்துவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். பொருள் பட்டியலில் எண்ணிக்கை ஒன்று கூடும், எடையும் சில கிராம் கூடும். இடிப்புக் கட்டளையை மறுபடி ஓட்டினால் மட்டும் உடனே தெரியும்: இடிக்கும் கன அளவு அந்த வாஷரின் முழுக் கன அளவுக்குச் சமமாக வரும். அதனால்தான் சில அலுவலகங்களில் சோதனை முடிந்த நொடியில் மாடலைப் பூட்டிவிடுகிறார்கள். பிறகு ஏதாவது மாற்றினால், எவ்வளவு சின்ன மாற்றமானாலும், புதிய பதிப்பு எண்ணும் புதிய சோதனையும். தொல்லைதான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கறாராக இருப்பவர்கள் பக்கம் நான்.

சோதனைத் தாளில் என்ன எழுதுவது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ‘இடிப்பு: இல்லை’ என்று ஒரு வரி எழுதி முடிப்பவர்களே அதிகம். மரை 12, ஓ-ரிங் 2, சீல் 1, சரிசெய்தது 2 என்று பிரித்து எழுதினால், அடுத்த பதிப்பில் 15-க்குப் பதில் 16 வந்ததும் எது புதிது என்று தேடுவது ஐந்து நிமிட வேலை. மென்பொருளிலேயே ஏற்றுக்கொண்ட இடிப்புகளை ஒதுக்கி வைக்கும் வசதி உண்டு. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் ஒதுக்கியவற்றை மறுபடி காட்டச் சொல்லி ஒரு முறை எண்ணிவிட்டுத்தான் கையொப்பம் போட வேண்டும்.

முதல் செட் தயாரானதும் அதைத் தராசில் ஏற்றினால் 312 கிலோ சரியாக வராது. 319 வரலாம். பெயின்ட், தாங்கிகளில் ஊற்றிய எண்ணெய், கேசிங்கின் சுவர் வரைந்ததைவிட அரை மி.மீ. தடித்து வார்ப்பாகியிருப்பது என்று 7 கிலோவுக்குக் கணக்குச் சொல்ல முடிந்தால் மாடல் சரி. அந்த 319-ஐ மாடலின் குறிப்பில் எழுதி வைத்தால், இதே வரிசையில் அடுத்த பெரிய பம்பை வரைகிறவருக்கு, திரையைப் பார்ப்பதற்கு முன் தாளில் எழுத ஓர் எண் கிடைக்கும். மாறாக தராசு 360 காட்டினால், பெயின்ட் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. எந்தப் பாகத்தின் அடர்த்தி தவறு என்று மாடலைத் திறந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதுதான். மோட்டாரிலிருந்து தொடங்கலாம்.